வைகாசிப் பொங்கலைக் காணொளியாக்குவது எப்படி? கண்ணகி அம்மனுக்கான நேர்த்திப் பொங்கல், காட்சி காட்சியாக

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசி மாதம் கதவு திறந்துவிட்டால், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பானை தயாராகும். காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, செட்டிபாளையம், ஆரையம்பதி என்று எந்த ஊரை எடுத்தாலும் வைகாசிப் பூரணையை ஒட்டி வரும் அந்தச் சடங்கு நாட்களில் பொங்கல் இல்லாமல் இருக்காது. இந்தப் பொங்கலைக் காணொளியாக எடுக்க நினைப்பவர்களுக்காக முழு எழுத்துப் பிரதியையும் இங்கே தருகிறேன். எந்தக் காட்சியில் கமரா எங்கே இருக்க வேண்டும், பின்னணிக் குரல் என்ன சொல்ல வேண்டும், அடுப்படியில் அந்த நேரம் என்ன நடக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. காணொளி எடுக்காதவர்களும் இதை வைத்துப் பொங்கலாம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். இது சுவை பார்க்காமல் செய்யும் சமையல். அம்மனுக்குப் படைக்கும் முன் ஒரு பருக்கையையும் நாக்கில் வைக்கக் கூடாது. இனிப்புப் போதுமா, அரிசி வெந்ததா, பால் திரைந்ததா என்பதையெல்லாம் கண்ணாலும் மூக்காலும் காதாலும்தான் அறிய வேண்டும். சாதாரண சமையல் காணொளிகளில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துத் தலையாட்டுவார்கள். நம்முடைய காணொளியில் அது வராது. அதற்குப் பதிலாக அடையாளங்களைக் காட்ட வேண்டும். கமராவும் ஒலிவாங்கியும் எங்கே இருக்க வேண்டும் என்பதை இந்த ஒரு கட்டுப்பாடே தீர்மானித்துவிடும்.

பொங்குவதற்கு முன்

கோயில் வளவில் பொங்குவதாக இருந்தால், படம் எடுப்பதற்கு முன் கோயில் நிர்வாகத்திடமும் பூசை செய்யும் கப்புகனாரிடமும் அனுமதி கேளுங்கள். சில ஊர்களில் கட்டாடியார் என்று சொல்வார்கள். மூலஸ்தானத்தையும் சடங்கின் உள் பகுதிகளையும் படம் எடுக்கக் கூடாது என்றால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பொங்கல் பானைகள் வெளி வீதியில்தான் வைக்கப்படும், நமக்கு வேண்டியதும் அங்கேதான் நடக்கிறது. உருவேறி ஆடுபவர்களை நெருங்கிப் படம் எடுப்பதைத் தவிர்ப்பதே மரியாதை.

இரண்டு தொலைபேசிகள் போதும். ஒன்றை முக்காலியில் பானைக்கு நேராக நிறுத்திவிட்டுத் தொடவே கூடாது. மற்றதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். வைகாசியில் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிடும். அது புகையை ஒரே பக்கமாகத் தள்ளும், ஒலிவாங்கியில் இரைச்சலாகவும் விழும். ஆகவே முக்காலியைக் காற்று வரும் பக்கத்தில் வையுங்கள். ஒலிவாங்கியின் மேல் ஒரு பஞ்சுறை போடுங்கள். இரவில் பொங்கினால் தொலைபேசியின் வெளிச்சத்தைப் போடாதீர்கள், அடுப்பு வெளிச்சமும் கோயில் விளக்குமே போதும். வெள்ளை வெளிச்சம் பட்டால் நெருப்பின் நிறமும் பானைக்குள் பாலின் நிறமும் வெளிறிப்போகும். நிறத்தைப் பார்த்துத்தான் நாம் பதம் சொல்லப் போகிறோம்.

காட்சி 1: அளவு

பாயில் எல்லாப் பொருளும் பரப்பி வைத்திருக்க வேண்டும். கமரா மேலிருந்து பார்க்கட்டும். ஒவ்வொரு பொருளையும் அளந்து வைக்கும் கையை மட்டும் காட்டுங்கள்.

பின்னணிக் குரல்:

"சுண்டு என்பது ரின்பால் பேணியின் அளவு. நான்கு சுண்டு சேர்ந்தால் ஒரு கொத்து. இன்றைக்கு இரண்டு சுண்டு சிவப்புப் பச்சரிசி எடுக்கிறோம், ஏறத்தாழ அரைக் கிலோ. வறுத்துத் தோல் நீக்கிய பாசிப்பயறு அரைச் சுண்டு. அரிசியின் எடைக்கு எடை சர்க்கரை, அதாவது அரைக் கிலோ. தேங்காய் இரண்டு. பசுப்பால் ஒரு சுண்டு. கஜு ஒரு பிடி, முந்திரிகை வற்றல் ஒரு பிடி, ஏலக்காய் ஏழெட்டு, தேன் இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் நெய். அம்மனுக்குப் படைக்கும் முன் சுவை பார்க்க மாட்டோம். அதனால் இனிப்பு இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது."

இந்தக் கடைசி இரண்டு வசனங்களை விட்டுவிடாதீர்கள். பாத்திரத்தில் போடப் போட வாயில் வைத்துச் சரிசெய்து பழகியவர்கள் சர்க்கரையைக் கண் அளவில் போடுவார்கள். இங்கே அப்படிச் செய்தால் பின்னால் திருத்த வழியில்லை. அரிசிக்குச் சமமான எடை சர்க்கரை என்பது நடுத்தர இனிப்பைத் தரும். சர்க்கரை கறுப்பாகவும் உப்புக்கரிப்பாகவும் இருக்கும் வகை என்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அதை முதல் நாளே, பொங்கலுக்கு எடுத்து வைக்காத ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அரிசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வைகாசியில் நம் கையில் இருப்பது பெரும்போகத்து நெல்லின் அரிசி. மாசி, பங்குனியில் வெட்டி, இரண்டு மூன்று மாதம் பட்டறையில் கிடந்தது. தைப்பொங்கலுக்குப் புது அரிசியில் பொங்குகிறவர்கள் அதே அளவு தண்ணீரில் இதைப் பொங்கினால் அரிசி வேகாமல் நிற்கும். பழகிய அரிசி நீரை அதிகமாக இழுக்கும். சிவப்புப் பச்சரிசியில் தவிடு ஒட்டியிருப்பதால் வெந்து வரவும் நேரம் எடுக்கும். கல் நீக்கிக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, நீர் வடித்துச் சுளகில் பரப்பி வையுங்கள்.

காட்சி 2: பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும்

இந்த மூன்றையும் நெருப்பு மூட்டும் முன்பே முடித்துவிட வேண்டும். காணொளியில் இந்தப் பகுதி வேகமாகப் போகலாம், ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம் காட்டினால் போதும்.

பயறை வெறுஞ் சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுக்கும்போது நிறத்தைக் காட்டுங்கள். பச்சை மங்கி, இடையிடையே பொன்னிறப் புள்ளி தெரிந்து, மணம் கிளம்பியதும் இறக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் பொங்கலில் ஒரு கசப்பு ஓடும். ஆறியதும் திரிகையில் உடைத்துச் சுளகில் புடைத்தால் தோல் பறந்துவிடும். சுளகு எழும்பி இறங்கும் ஓசையைப் பின்னணி இசை இல்லாமல் அப்படியே விடுங்கள், கேட்க நன்றாக இருக்கும்.

சர்க்கரையை நேரே பானையில் போடாமல், அரைச் சுண்டு வெந்நீரில் கரைத்துத் துணியால் வடிக்க வேண்டும். துணியில் மிஞ்சும் மணலையும் சக்கையையும் கிட்ட வைத்துக் காட்டுங்கள். வடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்கவே தேவையிருக்காது.

தேங்காய்ப்பூவில் குறைந்த நீர் விட்டுப் பிழியும் முதற்பால் கெட்டியாக இருக்கும். ஒன்றரைச் சுண்டு அளவு அதைத் தனியே எடுத்து மூடி வையுங்கள். மீண்டும் நீர் விட்டு இரண்டு முறை பிழிந்தால் ஐந்து சுண்டு அளவுக்குத் தண்ணிப்பால் கிடைக்கும். இரண்டையும் இரண்டு பாத்திரத்தில் அருகருகே வைத்துக் காட்டுங்கள். ஒன்று கரண்டியில் ஒட்டும், மற்றது ஓடும்.

பின்னணிக் குரல்:

"தண்ணிப்பால் முதலில் பானைக்குப் போகும். அரிசி வேகுவது அதில். முதற்பால் கடைசியில்தான் வரும். முதற்பாலை நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்."

காட்சி 3: பானை வைப்பது

ஏறத்தாழ நாலரை லீற்றர் கொள்ளும் மண்பானை இந்த அளவுக்குப் பொருந்தும். புதுப்பானை என்றால் முதல் நாள் முழுதும் தண்ணீரில் மூழ்க வைத்து, பிறகு நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த புதுப்பானையை நேரே நெருப்பில் ஏற்றினால் வெடிப்பு விழும். அப்படி ஒரு வெடிப்பு நேர்ந்தால் பால் அடுப்பில் ஒழுகும், நெருப்பு அணையும், பொங்க வந்தவர்களின் மனமும் வாடும். எனவே பானையை விரலால் தட்டிப் பார்த்து, ஓசை தெளிவாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கீறல் விழுந்த பானை மந்தமாக ஒலிக்கும். கமராவின் முன் இரண்டு பானையைத் தட்டிக் காட்டினால் பார்ப்பவர்களுக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும்.

நிலத்தைச் சாணத்தால் மெழுகி, மூன்று கற்களை வைத்து, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைக்கிறோம். பானையின் கழுத்தில் மஞ்சள் இலையும் இஞ்சி இலையும் கட்டி, திருநீறு, சந்தனம், குங்குமம் வைக்கிறோம். இதையெல்லாம் செய்பவர் நீராடி, மச்சம் தவிர்த்து விரதமாக இருந்தவர். வீட்டு அடுப்படியும் அந்த நாட்களில் மச்சம் இல்லாமல் இருக்கும்.

இங்கே பின்னணிக் குரல் சிறிது நேரம் எடுத்துக்கொண்டு பொருளைச் சொல்ல வேண்டும். சமையல் அமைதியாக நடக்கும் நேரமும் இதுதான். பானையில் நீர் சூடாக இருபது, இருபத்தைந்து நிமிடம் எடுக்கும்.

"இந்தப் பானை ஏன் கண்ணகிக்கு? சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வந்த கண்ணகியும் கோவலனும் ஆயர் சேரியில் மாதரி வீட்டில் தங்குகிறார்கள். மாதரி காய்களும் கனிகளும் சாலி அரிசியும் பாற்பயனும் கொண்டுவந்து கொடுக்கிறாள். கண்ணகி தன் கையாலேயே சமைக்கிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. கணவனுக்கு அவள் சமைத்த கடைசி உணவு அது. அதன் பிறகு கோவலன் சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான், திரும்பி வரவில்லை."

"மதுரை எரிந்த பின்னும் அவளுடைய கோபம் தணியவில்லை என்றும், ஆயர் குலப் பெண்கள்தான் அவளைக் குளிர வைத்தார்கள் என்றும் நம் கிழக்கில் பாடிவருகிறோம். வைகாசிச் சடங்கின் நாட்களில் கண்ணகியின் கதையான வழக்குரையைப் பாடி, இறுதியில் திருக்குளிர்த்தி ஆடுகிறோம். அரிசியும் பாலும் கொடுத்த அந்தப் பெண்களின் இடத்தில் நின்றுதான் நாங்கள் இந்தப் பானையை வைக்கிறோம்."

இந்தப் பகுதியை வேகமாகப் படிக்க வேண்டாம். படத்தில் அடுப்பும் ஊதுகின்ற பெண்ணின் முகமும் மட்டும் இருக்கட்டும். புகையில் கண் சிவந்து, கழுத்தில் வியர்வை வடியும் முகம் அது. பின்னணிக் குரலில் கண்ணகியின் சிவந்த கண் வரும்போது படத்தில் இந்த முகம் இருந்தால், கதைக்கும் காட்சிக்கும் நடுவில் வேறு விளக்கம் வேண்டியதில்லை. அலங்காரப் படங்களையோ, வரைந்த கண்ணகி உருவங்களையோ இங்கே செருக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

காட்சி 4: பொங்கி வழிதல்

ஐந்து சுண்டு தண்ணீர், ஐந்து சுண்டு தண்ணிப்பால், ஒரு சுண்டு பசுப்பால். மொத்தம் பதினொரு சுண்டு நீர்மம் பானையின் முக்கால் பாகம் நிற்க வேண்டும். குறைவாக நின்றால் கொதிக்குமே தவிர பொங்கி வழியாது, பானைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பானை பெரிதாகிவிட்டது என்றால் அளவைக் கூட்டுங்கள், அல்லது சிறிய பானையை எடுங்கள்.

இந்தக் காட்சி ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். அதனால் முக்காலித் தொலைபேசியை நீர் சூடாகத் தொடங்கும்போதே ஓடவிடுங்கள். வழியும் நேரம் பார்த்துத் தொடங்கலாம் என்று இருந்தால் தவறிவிடும். கைத் தொலைபேசியை வைத்திருப்பவர் பானையின் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வழிவதற்கு முன் மூன்று அடையாளங்கள் வரும். முதலில் விளிம்பைச் சுற்றிச் சிறு குமிழிகள் கோர்த்து நிற்கும், மெல்லிய சீறல் ஓசை கேட்கும். அடுத்து பாலின் மேல் ஒரு ஏடு படிந்து நடுவில் மேடாகும். கீழிருந்து எழும்பும் நீராவி அந்த ஏட்டைத் துளைக்க முடியாமல் அதையே தூக்கிக்கொண்டு வருகிறது. மூன்றாவதாக, நுரை வெண்மையாகிக் கழுத்துக்கு ஏறும்போது சீறல் ஓசை அடங்கிவிடும். அந்த அமைதிக்குப் பின் சில நொடிகளில் வழிந்துவிடும். பெண்கள் இந்த அமைதியைக் கேட்டுத்தான் குரவைக்கு ஆயத்தமாவார்கள். ஒலிவாங்கி பானைக்கு அருகில் இருந்தால் பார்ப்பவரும் அதைக் கேட்கலாம்.

மாமி ஒருவர் பக்கத்தில் நின்று, படம் எடுக்கும் பையனைப் பார்த்து, "இஞ்ச பாரு மனே, சத்தம் நின்டுட்டு, இப்ப பொங்கும்" என்று சொன்னால் அதை வெட்டாமல் வையுங்கள். எழுதி வைத்த எந்தப் பின்னணிக் குரலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

வழிந்ததும் குரவை. நுரை எந்தத் திசையில் முதலில் வழிகிறது என்று பெரியவர்கள் பார்ப்பார்கள். கிழக்கும் வடக்கும் நல்லது என்பது வழக்கம். கமரா அந்த விளிம்பைப் பிடித்திருக்கட்டும், ஆனால் பின்னணிக் குரலில் பலன் சொல்லத் தேவையில்லை.

அடுத்துச் செய்ய வேண்டியது பலர் மறந்துவிடும் ஒன்று. அரிசி போடும் முன் அகப்பையால் இரண்டு சுண்டு நீர்மத்தை வெளியே எடுத்துத் தனியாக மூடி வையுங்கள். நிறைந்த பானையில் அரிசியைப் போட்டால் மீண்டும் மீண்டும் வழிந்து அடுப்பை அணைக்கும். எடுத்த நீர்மம் பின்னால் தேவைப்படும்.

பிறகு குடும்பத்தில் மூத்தவர் இரண்டு கைகளாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்று முறை சுற்றி, மெதுவாக உள்ளே இடுகிறார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அப்படியே இடுகிறார்கள். மீதி அரிசியையும் பயறையும் சேர்த்துவிடலாம்.

பின்னணிக் குரல்:

"நேர்த்தி என்பது ஒருவர் வைத்தது. பானை வீடு முழுவதற்கும் உரியது. அதனால்தான் ஒவ்வொரு கையும் அரிசி இடுகிறது. அம்மாள் வருத்தம் கண்டு மீண்ட பிள்ளைக்காக இந்த வீடு வைத்த நேர்த்தி இது. இன்றைக்கு அந்தப் பிள்ளையின் கையும் அரிசி இட்டிருக்கிறது."

இந்த வசனத்தைப் படமெடுக்கும் வீட்டின் நேர்த்திக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முகமும் நோயும் வெளியே தெரிய வேண்டாம் என்று வீட்டார் சொன்னால் கைகளை மட்டும் காட்டுங்கள்.

காட்சி 5: அரிசி வேகுதல்

இது முப்பது, முப்பத்தைந்து நிமிட வேலை. காணொளியில் ஒரு நிமிடத்துக்குள் சுருக்கலாம், ஆனால் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும்.

முதலாவது நெருப்பு. பொங்கி வழிந்த பின் விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறைக்க வேண்டும். மண்பானை சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால், தீ குறைந்த பிறகும் கொதி நிற்காது. தென்னை மட்டை வேகமாக எரிந்து தணியும், பொங்க வைக்க நல்லது. அரிசி வேகும்போது பொச்சுமட்டைத் தணல்தான் நல்லது. பயறு பானையின் அடியில் போய்த் தங்கும் குணமுள்ளது, அடிக்கடி அகப்பையை அடிவரை விட்டுக் கிளற வேண்டும்.

இரண்டாவது வெந்த பதம். அகப்பையில் நாலு பருக்கை எடுத்து, விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியாமல் முழுவதும் மசிய வேண்டும். விரலில் நசுக்கிய பருக்கையைப் பானைக்குத் திருப்பிப் போடாதீர்கள், ஒரு ஓரமாக வைத்துவிடுங்கள். வெள்ளைப் பொட்டு தெரிகிறது, நீரும் வற்றிவிட்டது என்றால், முன்பு எடுத்து வைத்த இரண்டு சுண்டு நீர்மம் இருக்கிறது. அதைச் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி, அரிசியின் வெளிப்புறம் குழைந்து உள்ளே விறைத்துப் போகும்.

பின்னணிக் குரல்:

"வெள்ளைப் பொட்டு போகும் வரை சர்க்கரையைத் தொடக் கூடாது."

இதுதான் முழுப் பிரதியிலும் நான் தடித்த எழுத்தில் திரையில் போடச் சொல்லும் ஒரே வசனம். சர்க்கரை விழுந்ததும் அது நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அரிசி அதற்கு மேல் மென்மையாகாது. எவ்வளவு நேரம் கிளறினாலும் பருக்கை நறுக்கென்றே நிற்கும். சுவை பார்க்க முடியாத சமையலில் இந்தத் தவறு படையல் முடிந்து வாயில் வைத்த பிறகுதான் தெரியும். சர்க்கரையில் புளிப்பு இருந்தால் பால் இன்னும் நீராக நிற்கும்போது சேர்த்தால் திரைந்தும் போகும். வெள்ளைத் துகள்கள் தனித்தனியாக மிதப்பது அதன் அடையாளம். அரிசி பாலையெல்லாம் உறிஞ்சிக் குழைந்த பிறகு சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

காட்சி 6: சர்க்கரையும் முதற்பாலும்

வடித்த சர்க்கரைப் பாகைச் சுற்றி ஊற்றிக் கிளறும்போது பொங்கல் ஒருமுறை இளகி நீர்த்துப் போகும். முதன்முறை பார்ப்பவர் பயந்துவிடுவார். அதனால் இதை வெட்டாமல் காட்டி, பின்னணிக் குரலில் சொல்லிவிடுங்கள்: "இளகுவது சர்க்கரையின் இயல்பு. ஐந்தாறு நிமிடத்தில் மீண்டும் இறுகும்."

நிறத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள். சிவப்பரிசியின் மங்கிய இளஞ்சிவப்பு, பாகு ஏறியதும் செம்மண் நிறத்துக்கு மாறும். ஓசையும் மாறும். நீராகக் கொதிக்கும்போது சலசல என்றிருந்தது, இப்போது கனத்த குமிழி ஒவ்வொன்றாக வெடித்து 'பொளக், பொளக்' என்று கேட்கும். அந்த ஓசை வந்ததும் முதற்பாலை விட்டு, தணலை மட்டும் வைத்துக் கிளற வேண்டும். ஒரு கொதி எழும்பினால் போதும்.

கஜுவையும் முந்திரிகை வற்றலையும் நெய்யில் வாட்டி, ஏலக்காயைத் தட்டி, எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். தேனை மட்டும் பானையை இறக்கிய பிறகு விடுங்கள்.

இறக்கும் பதம் எது? அகப்பையால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், அது உடனே மூடாமல் மூன்று எண்ணும் வரை நின்று பிறகு மூட வேண்டும். இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே என்று தோன்றும் நிலையில்தான் இறக்க வேண்டும். மண்பானையில் உள்ள சூடு மேலும் வற்றவைக்கும். கோடு மூடாமலே நின்றால் தாமதித்துவிட்டோம், படையலுக்குள் அது கட்டியாகிவிடும். சூடான முதற்பால் கொஞ்சம் மிச்சமிருந்தால் சேர்த்து இளக்கலாம்.

அடிபிடிக்கும் வாசனை வந்தால் முதலில் செய்ய வேண்டியது கிளறுவதை நிறுத்துவது. பதற்றத்தில் அடியைச் சுரண்டினால் கருகல் முழுப் பொங்கலுக்கும் பரவிவிடும். தணலை வெளியே தள்ளி, மேலுள்ள பொங்கலை அகப்பையால் மெதுவாக அள்ளி, கழுவி வைத்த வேறு பானைக்கு மாற்றுங்கள். இதற்காக ஒரு பானையை முன்கூட்டியே பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. இந்த இடத்தைக் காணொளியில் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி எழும். உண்மையாகவே நடந்தால் சேர்த்துவிடுங்கள். பார்ப்பவருக்கு அந்த ஒரு நிமிடம் மிகவும் பயன்படும்.

காட்சி 7: மடை

தலைவாழை இலையில் முதல் அகப்பைப் பொங்கலை வைத்து, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், இளநீர், கமுகம்பூ எல்லாம் சேர்த்து மடை வைக்கிறார்கள். நேர்த்தி வைத்தவர் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிக் கும்பிடுகிறார். இங்கே பின்னணிக் குரல் வேண்டாம். மணி, குரவை, வழக்குரை பாடுபவர்களின் குரல் தூரத்தில் கேட்டால் அதையே விடுங்கள். பாடலைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டாதீர்கள், ஒரு பகுதியை எடுத்தால் அது முடியும் வரை விடுங்கள்.

மடை முடிந்த பிறகு குரல் மீண்டும் வரலாம்:

"பாலும் தேங்காயும் பயறும் எங்கள் வீடுகளில் குளிர்ச்சி என்று சொல்லப்படுபவை. வைகாசி வெயிலில், அம்மனைக் குளிர வைக்கும் சடங்கில், அவற்றையே படைக்கிறோம். பொங்கலை அடுத்து திருக்குளிர்த்தி நடக்கும். கப்புகனார் குளிர்த்திப் பாடலைப் பாடி நீர் தெளிப்பார். அந்த நீர் எங்கள் மேலும் விழ வேண்டும் என்று எல்லோரும் நெருங்கி நிற்போம்."

கோயிலில் குளிர்த்தியைப் படம் எடுக்க அனுமதி கிடைக்காவிட்டால், இந்தக் குரலுக்குப் பின்னால் கோயில் வாசலில் கூடி நிற்கும் மக்களின் கைகளைக் காட்டலாம்.

காட்சி 8: பங்கிடுதல்

முதலில் நெருப்புக்கு அருகில் நின்று வேலை செய்தவர்களுக்கும் பக்கத்துப் பானைக்காரருக்கும் கொடுக்கிறார்கள். அவர்களும் தங்கள் பானையிலிருந்து ஒரு அகப்பை இங்கே வைப்பார்கள். நேர்த்தி வைத்த பெண், முதன்முறையாகத் தன் பொங்கலை இப்போதுதான் வாயில் வைக்கிறாள். கமரா அவள் முகத்தை நெருங்கட்டும். இனிப்புச் சரியாக இருக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள், அவள் சொல்வது எதுவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

தேங்காய்ப்பால் சேர்ந்த பொங்கல் வைகாசிச் சூட்டில் நிற்காது. இரவு பொங்கியது மறுநாள் மத்தியானம் வரைகூடத் தாங்காது, புளித்த வாசனை வந்துவிடும். தூரத்து உறவினருக்கு அனுப்புவதாக இருந்தால், ஆறிய உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளைக்குள் கொடுத்துவிட வேண்டும். இதைத் திரையில் ஒரு வரியாகப் போட்டால் போதும்.

முழுக் காணொளியும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடங்கும். பதினைந்துக்குப் போனால் காட்சி 2-ஐக் குறையுங்கள். காட்சி 4-இல் ஓசை அடங்கி நுரை வழியும் வரையுள்ள பகுதியில் கை வைக்காதீர்கள். திரையின் கீழே ஊரின் பெயரையும் கோயிலின் பெயரையும் எழுதும்போது கோயிலார் எழுதும் முறையிலேயே எழுதுங்கள், வெளியிடும் முன் ஒருமுறை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.